ஒட்டுத் தெரியாத பெரிய படம்

சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் கையில் இருந்தது உள்ளங்கையளவு ஸ்டில் போட்டோ. வரைய வேண்டியதோ மாடி உயரத்துக்கு நிற்கும் முகம். போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம் போடுவார்கள், துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தில் உள்ளதையும் பெரிதாக்கி வரைவார்கள். பெரிய பேனர் என்றால் பல பகுதிகளாக வரைந்து, மேலே ஏற்றிய பிறகுதான் ஒன்று சேரும். ஒரு பகுதியில் கன்னத்தின் நிறம் சற்றுத் தூக்கலாகவும் அடுத்ததில் சற்று மங்கலாகவும் இருந்தால் சாலையில் போகிறவருக்கு முதலில் அந்தக் கோடுதான் கண்ணில் படும்.

இன்று கேமரா போட்டோவை ஓவியமாக மாற்றும் கணினி நிரல்களும் இதே சிக்கலில்தான் மாட்டுகின்றன. சிறிய படம் என்றால் ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ போன்ற மாதிரிகள் சில நொடிகளில் நீர்வண்ண ஓவியமாக்கித் தந்துவிடும். இருபது அங்குல அகலத்தில் அச்சிடும் அளவுக்குப் பெரிய படம் என்றால் இரண்டில் ஒன்று நடக்கும். நினைவகம் போதவில்லை என்று திரையில் `CUDA out of memory` வந்து வேலை நின்றுபோகும். அல்லது துண்டு துண்டாகச் செய்து ஒட்டிய படத்தில் வானத்தின் குறுக்கே கட்டம் கட்டமாகக் கோடு தெரியும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விடை தேடியதில் பிறந்தவைதான் ‘டைல்ட் டிஃப்யூஷன்’, ‘டைல்ட் அப்ஸ்கேலிங்’ என்னும் முறைகள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஒரு போட்டோவை எடுத்துக்கொள்வோம். அகலம் 6,000 பிக்சல், உயரம் 4,000. மேல்பாதி முழுக்க வெறும் வானம். நடுவில் இரண்டு விமானங்கள். கீழே மதில்மேல் வரிசையாக அமர்ந்த கல் நந்திகள். ஓரத்தில் கடல். இதை நீர்வண்ண ஓவியமாக்க வேண்டும். வானம், கல், நீர் என்ற மூன்றும் மூன்று விதமாகத் தொல்லை கொடுக்கும் என்பதால் இந்த முறைகளைச் சோதிக்க இதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது. இரண்டிரண்டு மடங்காகப் பெரிதாக்கிக்கொண்டு போக வசதியாக, கடைசி அளவை 6,144 × 4,096 என்று வைத்துக்கொள்ளலாம்.

நினைவகம் எங்கே தீர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்டில் வெளியானது. அது பிக்சல்கள் மேல் நேரடியாக வேலை செய்வதில்லை. படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, ‘லேட்டன்ட்’ எனப்படும் ஒரு சுருக்க வடிவில்தான் வரைகிறது. நம் படத்தின் சுருக்கம் 768 × 512 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 3.9 லட்சம் புள்ளிகள். மாதிரிக்குள் இருக்கும் ‘செல்ஃப் அட்டென்ஷன்’ என்ற பகுதியில் ஒவ்வொரு புள்ளியும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும். 3.9 லட்சத்தை 3.9 லட்சத்தால் பெருக்கினால் 15,000 கோடிக்கு மேல் போகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைட் வீதம் அந்த அட்டவணையை எழுதி வைக்கவே 300 ஜிபிக்கு மேல் வேண்டும். அதுவும் ஒரே ஓர் அட்டவணைக்கு. வீட்டுக் கணினியின் கிராபிக்ஸ் கார்டில் இருப்பது 8 அல்லது 12 ஜிபி.

அட்டவணையை முழுதாக எழுதி வைக்காமல் பகுதி பகுதியாகக் கணக்கிடும் உத்திகள் இப்போது பரவலாக உள்ளன. அவை நினைவகத்தைக் காப்பாற்றும். ஆனால் பெருக்கல் கணக்கின் அளவு குறையாது. இதைவிட அடிப்படையான இன்னொரு தடையும் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 பயிற்சி பெற்றது 512 × 512 பிக்சல் படங்களில். அதைவிடப் பல மடங்கு பெரிய பரப்பை ஒரேயடியாகக் கொடுத்தால், ஒரு கோயில் இருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து கோயில்களை அது வரைந்துவிடும். ஆகவே எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் துண்டாக்கித்தான் தீர வேண்டும்.

துண்டாக்கினால் கணக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சுருக்க வடிவில் 96 × 96 புள்ளிகள், அதாவது பிக்சலில் 768 × 768 கொண்ட ஒரு டைல். அதற்குள் ஒப்பீடுகள் எட்டரைக் கோடிதான். ஒன்றின் மேல் ஒன்று 32 புள்ளிகள் ஏறி நிற்கும்படி வைத்தால் அகலத்துக்கு 12, உயரத்துக்கு 8 என்று மொத்தம் 96 டைல்களில் முழுப் படமும் அடங்கிவிடும். எல்லாவற்றையும் கூட்டினாலும் சுமார் 815 கோடி. 15,000 கோடி இருந்த இடத்தில் இது. ஒரு நேரத்தில் ஒரு டைல் மட்டுமே கார்டில் ஏறுவதால் நினைவகச் சிக்கலும் இந்தக் கட்டத்தில் தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது ஒட்டு.

பலரும் முதலில் செய்வது, ஒவ்வொரு டைலையும் தனியே முழுதாக ஓவியமாக்கிவிட்டு, ஓரங்களை மென்மையாகக் கலந்து ஒட்டுவது. ‘அல்டிமேட் எஸ்.டி. அப்ஸ்கேல்’ என்ற பிரபலமான நிரல் இந்த வகை. ஒட்டிய பிறகு இணைப்புக் கோடுகளின் மேல் மட்டும் இன்னொரு முறை வரைந்து கோட்டை மறைக்கும் வசதியும் அதில் இருக்கிறது. போட்டோவைப் போட்டோவாகவே பெரிதாக்க இது பெரும்பாலும் போதும். ஓவியமாக்கும்போதுதான் போதுவதில்லை. இடது டைலில் மேகத்தின் விளிம்பு மேல்நோக்கி இழுத்த தூரிகைக் கோடாகவும், வலது டைலில் அதே மேகம் பரவிய ஈரக் கறையாகவும் வந்திருந்தால், இரண்டையும் எவ்வளவு மென்மையாகக் கலந்தாலும் நடுவில் ஒரு மங்கிய பட்டைதான் மிஞ்சும். இரண்டு டைல்களும் ஒன்றையொன்று பார்க்காமலே தனித்தனி முடிவுக்கு வந்துவிட்டன. முடிவெடுத்த பிறகு சமாதானம் செய்ய வழியில்லை.

முடிவு உருவாகிக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் 2023இல் வந்த திருப்பம். டிஃப்யூஷன் மாதிரி ஒரே மூச்சில் படம் வரைவதில்லை. ஒழுங்கற்ற வண்ணப் புள்ளிகளாலான இரைச்சலில் தொடங்கி, படிப்படியாக இரைச்சலை நீக்கிக்கொண்டே வருகிறது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஓமர் பார்-தால், லியோர் யாரிவ், யாரோன் லிப்மன், தாலி டெக்கெல் நால்வரும் வெளியிட்ட ‘மல்டிடிஃப்யூஷன்’ என்ற கட்டுரையின் யோசனை வியக்க வைக்கும் அளவுக்கு எளிமையானது. ஒவ்வொரு படியிலும் எல்லா டைல்களையும் ஒரு படி மட்டும் நகர்த்து. இரண்டு டைல்கள் மேற்பொருந்தும் இடத்தில் இரண்டின் விடைகளையும் கூட்டிச் சராசரி எடு. அந்தச் சராசரியை ஒரே பெரிய பரப்பில் எழுது. அடுத்த படிக்கு அந்தப் பரப்பிலிருந்தே டைல்களை மறுபடி வெட்டி எடு.

முதல் படியில் இடது டைல் மேகத்தை மேல்நோக்கி இழுக்கப் பார்க்கும், வலது டைல் பரப்பப் பார்க்கும். சராசரி இரண்டுக்கும் நடுவில் ஒரு தெளிவற்ற வடிவமாக இருக்கும். இரைச்சல் நிறைந்த அந்த நிலையில் தெளிவின்மை ஒரு குறையே இல்லை. இரண்டாவது படியில் இரண்டு டைல்களும் அந்த ஒரே வடிவத்தைப் பார்த்துத்தான் தங்கள் அடுத்த விடையைச் சொல்கின்றன. இழுபறி குறைகிறது. இப்படியே போய் விவரங்கள் தெளிய ஆரம்பிக்கும்போது இருவருக்கும் கருத்து வேறுபாடு அநேகமாக இருக்காது. இறுதிப் படத்தில் மறைக்க வேண்டிய கோடு என்று ஒன்று உருவாவதே இல்லை.

இதே காலத்தில் ஸ்பெயினைச் சேர்ந்த ஆல்வரோ பார்பெரோ ஹிமெனெஸ் ‘மிக்ஸ்ச்சர் ஆஃப் டிஃப்யூசர்ஸ்’ என்ற முறையில் ஒரு நல்ல திருத்தம் கொண்டுவந்தார். ஒரு டைலின் நடுவில் உள்ள புள்ளிக்கு நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று தெரியும். ஓரத்தில் உள்ள புள்ளிக்கு ஒரு பக்கம் குருடு. எனவே எல்லா விடைகளுக்கும் சம மதிப்புக் கொடுக்காமல், நடுப்பகுதிக்கு அதிக எடையும் ஓரம் நோக்கிப் படிப்படியாகக் குறையும் எடையும் கொடுத்தார். நடைமுறையில் இதன் பலன் பெரிது, ஏனென்றால் குறைந்த மேற்பொருத்தத்திலேயே ஒட்டு மறைந்துவிடுகிறது. மேற்பொருத்தத்தை 32 புள்ளிகளிலிருந்து 48க்கு உயர்த்தினால் நம் படத்துக்கு 96 டைல்களுக்குப் பதில் 150 வேண்டும். அதாவது ஒன்றரை மடங்குக்கும் அதிகமான நேரம். முதலில் 32 வைத்து, எடை வைத்த கலவையில் ஓட்டிப் பார்த்து, கோடு தெரிந்தால் மட்டும் கூட்டுவது நல்லது.

தொடக்க இரைச்சலையும் கவனிக்க வேண்டும். முழுப் பரப்புக்கும் ஒரே பெரிய இரைச்சலை எடுத்து அதிலிருந்து டைல்களை வெட்ட வேண்டும். டைலுக்கு டைல் ஒரே இரைச்சலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், வானத்தில் ஒரே மாதிரியான கறை சம இடைவெளியில் வரிசையாக வரும். கோடு எதுவும் இருக்காது. ஆனாலும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் துணியில் அச்சிட்ட டிசைன்போல வானம் தெரியும்.

இவ்வளவும் சரியாக நடந்து, நூறு சதவீதம் என்று திரை காட்டிய பிறகு வேலை நின்றுபோவதை இந்தத் துறையில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். சுருக்க வடிவை மறுபடி பிக்சல்களாக விரிக்கும் ‘வி.ஏ.இ.’ என்ற பகுதிதான் காரணம். டைல் போட்டு வரைந்தது சுருக்க வடிவத்தை மட்டும். விரிப்பது முழுப் படத்தையும் ஒரேயடியாக நடக்கிறது. விரிக்கும் கடைசிக் கட்டத்தில் முழு அளவுப் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் 256 எண்கள் கொண்ட ஒரு அடுக்கு உருவாகும். 2.5 கோடி பிக்சல், 256 எண், இரண்டு பைட் என்று பெருக்கினால் அந்த ஓர் அடுக்கு மட்டும் கிட்டத்தட்ட 13 ஜிபி. 12 ஜிபி கார்டு அங்கேதான் கைவிரிக்கிறது.

அப்படியானால் இதையும் டைல் போட்டு விரித்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் இங்கே ஒளிந்திருக்கும் சிக்கல் வேறு வகை. இந்தப் பகுதிக்குள் ‘குரூப் நார்ம்’ என்ற ஒரு சீரமைப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. தன்னிடம் வந்த எண்களின் சராசரியையும் பரவலையும் கணக்கிட்டு, அதற்கேற்ப எல்லாவற்றையும் சமன்படுத்தும். முழுப் படமும் ஒன்றாக வந்தால் வானத்துக்கும் கோயிலுக்கும் சேர்த்து ஒரே சராசரி. டைலாக வந்தால் வெறும் வானம் மட்டும் உள்ள டைலுக்கு ஒரு சராசரி, விமானத்தின் உச்சி எட்டிப் பார்க்கும் டைலுக்கு வேறொரு சராசரி. அதனால் இரண்டிலும் இருக்கும் அதே நீலம் இரண்டு நீலங்களாக வெளியே வருகிறது. ஓரங்களைக் கலந்தால் கோடு மறையும், நிற வேறுபாடு மறையாது. ‘டிஃப்யூசர்ஸ்’ என்ற நிரல் தொகுப்பில் உள்ள `vae.enable_tiling()` என்ற கட்டளை ஓரம் கலக்கும் வகை. டைலுக்கு டைல் நிறச் சாயல் மாறக்கூடும் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

இதற்கு ‘டைல்ட் வி.ஏ.இ.’ என்ற நீட்சி நிரல் கண்ட வழி நேர்மையானது. ஒவ்வொரு டைலையும் அந்தச் சீரமைப்பு வரும் இடம் வரை ஓட்டி நிறுத்துகிறது. எல்லா டைல்களின் சராசரிகளையும் சேர்த்து முழுப் படத்துக்குமான ஒரே சராசரியைக் கணக்கிடுகிறது. அதைக் கொண்டு எல்லா டைல்களையும் சமன்படுத்திவிட்டு, அடுத்த சீரமைப்பு வரை மறுபடி ஓட்டுகிறது. வேகம் வேண்டும் என்றால் படத்தின் சிறிய பிரதி ஒன்றை முதலில் ஓட்டி, அதில் கிடைக்கும் சராசரியையே எல்லா டைல்களுக்கும் கொடுத்துவிடும் விரைவு முறையும் உண்டு. வானத்தின் சாயல் சிறிது மாறினாலும் பொறுக்க முடியாத படங்களுக்கு முதல் முறையே நல்லது.

இனி படத்தின் பொருள் சார்ந்த தவறு. ‘கடற்கரைக் கோயில், நீலவானம், அலைகள், நீர்வண்ண ஓவியம்’ என்று விவரணை கொடுத்திருந்தால் 96 டைல்களுக்கும் அதே விவரணைதான் போகும். வெறும் மேகம் உள்ள டைலிடமும் கோயிலை வரையச் சொல்கிறோம். அது கீழ்ப்படிந்து மேகத்துக்குள் குட்டிக் கோபுரம் ஒன்றை முளைக்க வைக்கும். மதிலின் சொரசொரப்பில் முகங்கள் தோன்றும். நந்தியின் பாதி மட்டும் விழுந்த டைல் அந்தப் பாதியை இன்னொரு முழு விலங்காக்கப் பார்க்கும்.

மருந்து மூன்று. விவரணையிலிருந்து பொருள்களை எடுத்துவிட்டு, ‘நீர்வண்ணம், சொரசொரப்பான தாள், மென்மையான கறை’ என்று பாணியை மட்டும் சொல்வது. மாற்றத்தின் அளவைக் குறைப்பது இரண்டாவது. முழு இரைச்சலில் தொடங்காமல் 0.3 முதல் 0.4 வரை மட்டும் இரைச்சல் கலந்து தொடங்கினால் அசல் வடிவங்கள் உள்ளே தங்கியிருக்கும். மூன்றாவதுதான் பெரிய உதவி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லவ்மின் ஜாங் முதலியோர் 2023இல் வெளியிட்ட ‘கண்ட்ரோல்நெட்’ குடும்பத்தில் `control_v11f1e_sd15_tile` என்ற மாதிரி இருக்கிறது. டைலில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அது பார்க்கிறது. விவரணையும் டைலின் உள்ளடக்கமும் முரண்பட்டால் உள்ளடக்கத்தின் பக்கம் சாய்கிறது. மேகம் மேகமாகவே இருக்கும்.

ஒட்டு இல்லை, கோபுரம் முளைக்கவில்லை, நினைவகமும் போதியது. ஆனாலும் அச்சிட்டுச் சுவரில் மாட்டியதும் ஓவியமாகவே தெரியாமல் போவதும் உண்டு. இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதிரி அறிந்த தூரிகைக் கோட்டின் தடிமன் டைலின் அளவோடு கட்டுண்டது. டைலுக்குள் அது 15 பிக்சல் தடிமனில் கோடு இழுக்கிறது என்று வைப்போம். முழு அளவுப் படத்தை நேரடியாக டைல் போட்டு ஓவியமாக்கினால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிடும்போது அந்தக் கோடு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். நான்கடி தள்ளி நின்றால் சற்று மங்கலான போட்டோவாகவே தெரியும். 20 அங்குல நீர்வண்ண ஓவியத்தில் வானத்தை எந்த ஓவியரும் ஒன்றேகால் மில்லிமீட்டர் தூரிகையால் நிரப்ப மாட்டார்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். போட்டோவை முதலில் 768 × 512 அளவுக்குச் சுருக்கி, டைல் இல்லாமல் ஒரே முறையில் ஓவியமாக்குங்கள். அங்கே 15 பிக்சல் கோடு விழுந்தால் எட்டு மடங்கு பெரிதாகும்போது 120 பிக்சல், அச்சில் ஒரு சென்டிமீட்டர். இது தூரிகை. மேகத்தின் போக்கு, நிழலின் நிறம், கடலின் சாயல் எல்லாவற்றையும் முழுப் படத்தையும் ஒன்றாகப் பார்த்து எடுக்கும் முடிவுகளாக இந்தச் சிறிய படத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். சில நொடிகளில் ஒரு பிரதி வந்துவிடுவதால், பிடித்தது கிடைக்கும் வரை பல முறை போட்டுப் பார்க்கவும் முடிகிறது.

பிறகு ஏணி ஏறுவது. 1,536, 3,072, 6,144 என்று ஒவ்வொரு முறையும் இரு மடங்காக்கி, டைல் முறையில் குறைந்த மாற்ற அளவில் ஓட்ட வேண்டும். இந்தக் கட்டங்களில் டைலுக்குப் புதிதாக முடிவெடுக்கும் வேலை இல்லை. ஏற்கெனவே உள்ள தூரிகைக் கோட்டுக்குள் தாளின் நரம்பு, வண்ணம் காய்ந்த விளிம்பு, துகள்கள் ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். கேட்பது சிறிது என்பதால் டைல்களுக்கிடையே கருத்து வேறுபாடும் சிறிது. மாற்ற அளவு 0.4, படிகள் 20 என்று வைத்தால் உண்மையில் ஓடுவது 8 படி. கடைசிக் கட்டத்தில் 96 டைல்கள் எட்டு முறை, மொத்தம் 768 டைல் ஓட்டங்கள். காத்திருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் இம்மியளவு நகரும். அதைப் பிடித்து நிறுத்த, முந்தைய கட்டப் படத்தின் பரந்த நிறங்களையும் புதிய படத்தின் நுண்விவரங்களையும் பிரித்தெடுத்துச் சேர்க்கும் ‘வேவ்லெட்’ நிறத்திருத்தம் உதவும். சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ‘ஸ்டேபிள்எஸ்.ஆர்.’ இதைப் பயன்படுத்துகிறது.

முடிந்த படத்தை எப்படிச் சோதிப்பது? பெரிதாக்கிப் பார்ப்பது முதல் பழக்கமாக இருக்கும். நிற வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அது உதவாது, ஏனென்றால் திரையில் அப்போது ஒரு டைல் மட்டும்தான் தெரியும். படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, ஒளி-நிழல் வேறுபாட்டை அளவுக்கு மீறி ஏற்றிப் பாருங்கள். வானம் கட்டம் கட்டமாக இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கட்டம் தெரிந்தால் இடைவெளியை அளக்க வேண்டும். நம் படத்தில் 12 டைல்களை அகலத்தில் சமமாகப் பரப்பினால் ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்குச் சுமார் 489 பிக்சல். கோடுகள் அந்த இடைவெளியில் வந்தால் குற்றவாளி டிஃப்யூஷன் டைல்கள், மேற்பொருத்தத்தைக் கூட்ட வேண்டும். வி.ஏ.இ. டைலுக்கு 1,024 பிக்சல் வைத்திருந்து கோடுகளும் ஏறக்குறைய அந்த இடைவெளியில் வந்தால், குற்றம் விரிக்கும் கட்டத்தில். விரைவு முறையை அணைத்துவிட்டு விரிப்பை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும், 768 ஓட்டங்களைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. சுருக்க வடிவத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்து வைத்திருந்தால்தான் இது முடியும் என்பதால், விரிப்பதற்கு முன் அதைச் சேமிப்பதை வழக்கமாக்கிக்கொள்வது மிகவும் பயன்படும்.

எந்த ஒழுங்கும் இல்லாத இடைவெளியில் கோடு தெரிந்தால் அது அசல் போட்டோவிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், படத்தின் இடது ஓரத்தில் 200 பிக்சல் வெட்டி, அகலம் மாறாதபடி அதை வலது ஓரத்தில் ஒட்டிவிட்டு மறுபடி ஓட்டலாம். கோடு மேகத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது மேகத்தின் கோடு. மேகம் நகர்ந்தும் கோடு அதே இடத்தில் நின்றால் டைலின் கோடு.

கடலின் தொடுவானம் மட்டும் இன்னும் பிடிகொடுக்காது. பன்னிரண்டு டைல்களின் குறுக்கே நேராக ஓட வேண்டிய ஒரே கோடு அது. எந்த டைலுக்கும் அதன் முழு நீளமும் தெரியாது. அண்டை டைல்கள் ஒத்துப்போனாலும் முதல் டைலும் பன்னிரண்டாவது டைலும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. அதனால் கோடு எங்கும் உடையாமலே மெல்ல வளைந்துவிடக்கூடும். கண்ட்ரோல்நெட்டின் பிடியை இறுக்கினால் நேராகும், ஆனால் பிடி மிகவும் இறுகினால் கோட்டோரத்தின் நீர்வண்ணக் கசிவும் போய்விடும். தொடுவானத்தை ஒட்டிய ஒரு பட்டைக்கு மட்டும் மாற்ற அளவை 0.2க்கு இறக்கி, மற்ற இடங்களில் 0.4ஆகவே விட்டுவிடுவதுதான் இப்போதைக்குக் கைகொடுக்கும் வழி.